நாற்பத்தோராயிரம் பேர் ரீச்

பெங்களூர் நீலசந்திராவில் ஒரு மேட்சிங் சென்டருக்கு நான் எழுதிக் கொடுத்த முதல் மூன்று ரிப்போர்ட்டுகளை இன்று எடுத்துப் படித்தால் எனக்கே பாதி புரிவதில்லை. அவ்வளவு நன்றாக எழுதியிருக்கிறேன். பன்னிரண்டு பக்கம், ஆறு வரைபடம், எல்லா அம்பும் பச்சை நிறத்தில் மேலே பார்த்துக்கொண்டிருக்கும். நான் முன்பு வேலை பார்த்த விளம்பர ஆபீசில் இதுதான் பழக்கம். ரிப்போர்ட்டில் சிவப்பு அம்பு இருந்தால் மேனேஜர் முகம் சிவக்கும். போன மாதத்தோடு ஒப்பிட்டால் அம்பு இறங்குகிறதா, அதற்கு முந்தைய மாதத்தோடு ஒப்பிடு. அதிலும் இறங்குகிறதா, வேறு எதையாவது எண்ணு. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கும் வேலையை எனக்கு ஏழு வருடம் சம்பளம் கொடுத்துச் சொல்லித்தந்தார்கள்.

அந்த மேனேஜரோடு சண்டை போட்டுவிட்டு வெளியே வந்தேன். எனக்குக் கோபம் மூக்கின் நுனியில் இருக்கும், யோசனை பின்னால் ஆட்டோ பிடித்து வரும். வந்த பிறகு, கடைகளின் ரீல்ஸ் பக்கத்தைத் தனியாக நடத்தித் தருகிறேன் என்று அட்டை அடித்துக்கொண்டு சுற்றினேன். கிடைத்தது ஒரே கடை. அதனால் அந்தக் கடை போனால் பெட்டியைக் கட்டிக்கொண்டு திருப்பத்தூர் பஸ் ஏறவேண்டியதுதான் என்ற நிலை. அங்கே என் அம்மா, "நான் அப்பவே சொன்னேன்" என்று ஆரம்பிப்பதற்குத் தயாராக இருந்தார்.

கடை எட்டடி அகலம். தரையிலிருந்து கூரை வரை ப்ளவுஸ் துணி. மஞ்சளில் மட்டும் முப்பது மஞ்சள் இருக்கும். புடவையைக் கொண்டுவந்தால் அதற்கேற்ற துணி, லைனிங், ஃபால்ஸ் எல்லாம் எடுத்துத் தருவார்கள். கடைக்குச் சொந்தக்காரர் ஐம்பது வயது தாண்டிய ஓர் அக்கா. புடவையைக் கையில் வாங்கினால் அண்ணாந்துகூடப் பார்க்காமல், "மூணாவது வரிசை, ரெண்டாவது கட்டு" என்பார். அதை எடுத்துத் தருவது அவரைவிடப் பெரியவரான ஓர் அண்ணன். இருபது வருடமாக அங்கே துணி கிழிக்கிறார். கத்தரியால் ஓரத்தில் சின்னதாக ஒரு வெட்டு, பிறகு இரண்டு கையாலும் பிடித்து சர்ரென்று ஒரே இழுப்பு. நூல் பிசகாது.

அந்தக் கிழிப்பைத்தான் ஒரு நாள் வீடியோ எடுத்துப் போட்டேன். பேச்சு இல்லை, பாட்டு இல்லை, வெறும் சர்ர். இரண்டு வாரத்தில் அது எங்கெங்கோ போய்விட்டது. கேட்டால் தூக்கம் வருகிறது என்று ஒருவர் எழுதியிருந்தார். பல் கூசுகிறது என்று இன்னொருவர். நான் அறையில் தனியாகக் கைதட்டிக்கொண்டேன்.

அந்த மாத ரிப்போர்ட்டை எழுதும்போது எனக்கு இருந்த திமிரை இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது. மூன்றாம் பக்கத்தில் கொட்டை எழுத்தில் 'ரீச்: 41,000' என்று போட்டேன். ஐந்தாம் பக்கத்தில் 'என்கேஜ்மெண்ட் மூன்று மடங்கு உயர்வு. வரும் மாதமும் இது தொடரும்' என்று போட்டேன். எல்லாம் ஆங்கிலத்தில். ஒன்றாம் தேதி காலை அக்காவின் போனுக்கு அனுப்பினேன். வழக்கம்போல ஒரு கும்பிடு பொம்மை பதிலாக வந்தது. முந்தைய இரண்டு மாதமும் அந்தக் கும்பிடுதான் வந்தது. படித்து மகிழ்ந்து கும்பிடுகிறார் என்று நினைத்தேன். படிக்காமல் கும்பிடுகிறார் என்று தோன்றவில்லை. இந்தத் தடவை படித்துவிட்டுக் கும்பிட்டார் என்பதும் தோன்றவில்லை.

பத்து நாள் கழித்து, ஒரு புதன்கிழமை, அடுத்த வீடியோ எடுக்கக் கடைக்குப் போனேன். ஆடி முடியப்போகிற நேரம். தெருவில் துணிக்கடைக்காரர்கள் எல்லோரும் ஈ ஓட்டிக்கொண்டிருந்தார்கள். அக்கா என்னைப் பார்த்ததும் கண்ணாடியைக் கழற்றினார். அது நல்ல சகுனமல்ல.

"வாம்மா. உன்னாண்ட ஒண்ணு கேக்கணும். நாப்பத்தோராயிரம் பேரு ரீச் ஆயிட்டாங்கன்னு எழுதியிருக்கியே, எங்க அவங்க?"

"எங்கன்னா, போன்லதான்கா."

"போன்ல எப்படிம்மா ரீச் ஆவாங்க? எம் பொண்ணு மைசூர் போனா ரீச் ஆயிட்டேம்மான்னு போன் பண்ணும். அப்ப அது மைசூர்ல நிக்குதுன்னு அர்த்தம். நீ நாப்பத்தோராயிரம் பேரு ரீச்சுன்றே. இந்தக் கடையில நாலு பேரு நின்னா அஞ்சாவது ஆளு ரோட்ல நிக்கணும்."

நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. நம் ஊரில் ரீச் என்றால் போய்ச் சேர்வது. அம்மாக்கள் எல்லோருக்கும் தெரிந்த ஆங்கிலம் அது. அதை நான் பன்னிரண்டு பக்கத்தில் வேறு அர்த்தத்தில் எழுதிவிட்டு, புரியவில்லையே இவருக்கு என்று உள்ளுக்குள் சலித்துக்கொண்டேன்.

துணி கிழிக்கும் அண்ணன் மெதுவாக வந்து ஒரு பச்சை நிறக் குண்டூசிப் பஞ்சணையை எனக்கு முன்னால் வைத்தார். அதில் பதினோரு குண்டூசி குத்தியிருந்தது.

"ஓனரம்மா ஒண்ணாந்தேதியே சொல்லிட்டாங்க மேடம். வீடியோ பாத்து ரீச் ஆனேன்னு யாராச்சும் சொன்னா ஒரு ஊசி குத்துன்னாங்க. இது வரைக்கும் பதினொண்ணு."

"மீதி எப்ப வருவாங்க?" என்றார் அக்கா. கிண்டலா உண்மையா என்று அவர் முகத்தில் கண்டுபிடிக்க முடியாது.

ரீச் என்றால் அந்த வீடியோ எத்தனை பேருடைய போனில் ஒரு தடவையாவது தெரிந்தது என்ற எண்ணிக்கை, தெரிந்தவர்கள் எல்லோரும் வருவார்கள் என்று இல்லை என்று விளக்கினேன். அக்கா தலையை ஆட்டினார். "அப்ப பஸ்ஸு ஜன்னல்லேர்ந்து நம்ம போர்ட பாத்தவன்லாம் ரீச்சா?" என்றார். ஆமாம் என்று சொல்வதற்குக் கஷ்டமாக இருந்தது. ஆனால் அதுதான் உண்மை.

"சரி போகட்டும். ரீச்சு சும்னே, வெறும் பேச்சு. இந்த என்கேஜ்மெண்ட்டு நல்லா சொல்லியிருந்தே. அதுக்காகத்தான் உன்ன வெச்சிருக்கேன்." இப்படிச் சொல்லிவிட்டு மூலையைக் காட்டினார். கோணியில் தைத்த ஒரு பெரிய மூட்டை. மேலே சந்தனம், குங்குமம்.

"என்னக்கா அது?"

"ப்ரோக்கேடு. சிக்பேட்டை மொத்த வியாபாரிகிட்டேர்ந்து வந்துச்சு. பதினெட்டுத் தானு, ஒவ்வொண்ணும் முழுச் சுருளு. மூணு மடங்கு என்கேஜ்மெண்ட்டு, இன்னும் ஏறும்னு எழுதியிருந்தியே. ஆடி போனா ஆவணி. முகூர்த்தம்லாம் வரிசையா இருக்குது. நானும் நெனச்சேன், இந்த வருஷம் நெறைய நிச்சயதார்த்தம் வரும்னு. உன் கம்ப்யூட்டரும் அதையே சொல்லிடுச்சு. ஒரு என்கேஜ்மெண்ட்டுன்னா பொண்ணு, பொண்ணோட அம்மா, அத்தை, சித்தி, ஆறு ப்ளவுஸாச்சும் போவும்."

என் தொழிலில் என்கேஜ்மெண்ட் என்றால் லைக் போடுவது, கமெண்ட் எழுதுவது, சேமித்து வைப்பது, இன்னொருவருக்கு அனுப்புவது. பல் கூசுகிறது என்று எழுதினாரே, அவரும் ஒரு என்கேஜ்மெண்ட். அவருக்கு ஆறு ப்ளவுஸ் தைக்கவேண்டிய அவசியம் இல்லை.

ஆங்கிலத்தில் இரண்டு சொல்லைத்தான் அக்கா எழுத்துக்கூட்டிப் படித்திருக்கிறார். மற்றதெல்லாம் படம் என்று தள்ளிவிட்டார். அந்த இரண்டு சொல்லும் அவருக்கு நன்றாகத் தெரிந்த சொல். தெரியாத சொல்லாக இருந்திருந்தால் என்னைக் கேட்டிருப்பார். 'இம்ப்ரஷன்' என்று இருந்ததை அண்ணனிடம் கேட்டாராம். அவர், "கைநாட்டு" என்று சொல்லியிருக்கிறார்.

"மூட்டைய எப்ப பிரிப்பீங்க அக்கா?" என்றேன்.

"வெள்ளிக்கிழம. ராகு காலம் முடிஞ்சு, பன்னெண்டு மணிக்கு மேல. தையலப் பிரிச்சிட்டா சிக்பேட்டைக்காரரு திருப்பி எடுத்துக்க மாட்டாரு. அதனால நல்ல நேரம் பாத்துப் பிரிக்கணும்."

அன்றே சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. பயம்தான், வேறொன்றும் இல்லை. அவர் ரிப்போர்ட்டைத் தப்பாகப் படித்துவிட்டார் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு பஸ் ஏறினேன். என் அறை இருக்கும் அத்திபெலே வரும் வரை அதையே சொல்லிக்கொண்டு வந்தேன். இறங்கும்போது, படிக்கிறவருக்குப் புரியாதபடி எழுதினால் அது யார் தப்பு என்ற கேள்வியும் என்னோடு இறங்கியது. அந்த மூட்டை விற்காமல் நின்றுவிட்டால் ஆவணி முழுக்க அந்த எட்டடிக் கடையில் மூன்று வரிசையை அடைத்துக்கொண்டு நிற்கும். மஞ்சளையும் பச்சையையும் எங்கே வைப்பார்? தினமும் அதைப் பார்க்கும்போதெல்லாம் என்னை நினைப்பார். நல்லபடியாக நினைக்க மாட்டார்.

வியாழக்கிழமை முழுவதும் உட்கார்ந்து புது ரிப்போர்ட் எழுதினேன். ஒரே பக்கம். அம்பு கிடையாது. ஆங்கிலமே வேண்டாம் என்று தமிழில், பெரிய எழுத்தில், எங்கள் ஊர்ப் பஞ்சாயத்து நோட்டீஸ் மாதிரி எழுதினேன். எழுத எழுதத்தான் விஷயமே எனக்குப் புரிய ஆரம்பித்தது. நாற்பத்தோராயிரம் பேர் எந்த ஊர்க்காரர்கள் என்று பார்த்தேன். அதையும் வீடியோ போடும் செயலியே காட்டும். நான் அந்தப் பக்கத்தைத் திறந்ததே இல்லை, அதில் அம்பு வராது என்பதால். பாதிக்கு மேல் கர்நாடகத்துக்கு வெளியே. பெங்களூருக்காரர்கள் பத்தில் ஒருவர்கூட இல்லை. துபாயில் நிறைய பேர் சர்ர் கேட்டுத் தூங்கியிருக்கிறார்கள்.

வெள்ளிக்கிழமை பதினொரு மணிக்குக் கடை வாசலில் நின்றேன். கடையில் வாடிக்கையாளர்கள் இருவர். ஒரு அம்மாள் தவிட்டு நிறப் புடவையை வாசலுக்குக் கொண்டுவந்து வெயிலில் பிடித்துத் துணியோடு சேர்த்துப் பார்த்துக்கொண்டிருந்தார். இன்னொருவர் லைனிங்குக்குக் காத்திருந்தார். மூட்டை அதே மூலையில், பக்கத்தில் கத்தரி.

"இன்னாம்மா, ராகு காலத்துல வந்திருக்கே. நல்ல விஷயம் ஏதும் பேசக்கூடாது."

"அப்ப சரியான நேரத்துலதான் வந்திருக்கேன்கா." தாளை நீட்டினேன். "புதுசா எழுதியிருக்கேன். சுத்தத் தமிழ்ல. இந்தத் தடவ உங்களுக்குப் புரியும்."

அக்கா தாளை வாங்கி, கண்ணாடியைப் போட்டு, தூரத்தில் பிடித்து, கிட்டே பிடித்து, ஒரு முறை திருப்பிக்கூடப் பார்த்தார். அப்புறம் என்னிடமே கொடுத்தார்.

"எனக்குத் தமிழ் படிக்க வராதும்மா."

"அக்கா, நீங்க தமிழ்தானே?"

"பேசறது தமிழு. படிச்சது கன்னடா மீடியம். எங்க வீட்ல எல்லாருக்கும் அப்படித்தான். கல்யாணப் பத்திரிகை தமிழ்ல வந்தா அண்ணன்தான் படிச்சுச் சொல்லுவாரு."

அண்ணன் தாளைப் பார்த்துவிட்டு, கண்ணாடி வீட்டில் இருக்கிறது என்றார். மூன்று மாதம் படிக்க முடியாத ஆங்கிலம், நான்காவது படிக்க முடியாத தமிழ். எனக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தது. "நீயே படி" என்றார் அக்கா. "சத்தமா படி, அண்ணனுக்குக் காது கொஞ்சம் மந்தம்."

இப்படியாக என் முதல் உருப்படியான ரிப்போர்ட் நான்கு பேர் முன்னிலையில், ப்ளவுஸ் துணிகளுக்கு நடுவில், நின்றபடி வாசிக்கப்பட்டது. எழுதியிருந்ததை அப்படியே படிக்க முடியவில்லை. எழுத்துத் தமிழில் அக்காவின் முகத்தைப் பார்த்துப் பேச வரவில்லை. சொன்னேன்.

"போன மாசம் துணி கிழிக்கிற வீடியோ நாப்பத்தோராயிரம் பேரோட போன்ல தெரிஞ்சுது. அதுல முக்காவாசிக்கு மேல வெளியூரு. அவங்க நம்ம கடைக்கு வர மாட்டாங்க."

"பின்ன எதுக்குப் பாக்கறாங்க?" என்றார் லைனிங் அம்மாள்.

"சத்தம் நல்லா இருக்குதாம்."

அண்ணன் தலையைக் குனிந்துகொண்டார். காது மட்டும் சிவந்திருந்தது.

"கடைக்கு எப்படி வரதுன்னு போன் மேப்ல வழி கேட்டவங்க இருபத்தாறு பேரு. புடவையப் படம் புடிச்சு அனுப்பி, இதுக்கு மேட்சிங் இருக்கான்னு கேட்டவங்க பத்தொன்பது பேரு. அதுல ஆறு பேரு கூரியர்ல அனுப்புவீங்களான்னு கேட்டாங்க."

"போன்ல பாத்துக் கலர் சொல்ல முடியுமா?" என்றார் வாசலில் நின்ற தவிட்டுப் புடவை அம்மாள், வெயிலை விட்டு நகராமல். "நேர்ல பாத்தே எனக்கு மூணு தடவ தப்பாப் போச்சு."

"அதேதான்," என்றார் அக்கா. முதல் முறையாக ரிப்போர்ட்டின் ஒரு வரியோடு அவருக்கு உடன்பாடு ஏற்பட்டது.

"வீடியோ பாத்துட்டுக் கடைக்கே வந்தவங்க, ஊசிக் கணக்குப்படி பதினொண்ணு."

"வாங்க வந்தவங்க எட்டுதான்," என்றார் அண்ணன். "ஒரு அம்மா மூணு வாட்டி வந்துச்சு, மூணு ஊசி குத்திட்டேன். இன்னொருத்தரு நான் கிழிக்கிறதப் பாக்கத்தான் வந்தாரு. ஒண்ணும் வாங்கல. டீ வாங்கிக் குடுத்துட்டுப் போனாரு."

"சரி, எட்டு." தாளில் திருத்திக்கொண்டேன். ஏழு வருட வேலையில் நான் ஒரு எண்ணைக் கீழே இறக்கித் திருத்தியது அதுதான் முதல் தடவை. அடுத்த வரி மிச்சம் இருந்தது.

"அப்புறம் என்கேஜ்மெண்ட்டு." மூட்டையைப் பார்க்காமல் இருக்க முயன்றேன். "அது நிச்சயதார்த்தம் இல்லக்கா. எங்க வேலைல வீடியோவுக்கு லைக் போடறது, கமெண்ட் போடறது, இதுக்கெல்லாம் அப்படிப் பேரு. மூணு மடங்கு ஏறுனது அதுதான். நிச்சயதார்த்தம் எத்தனை வரும்னு எனக்கும் தெரியாது, கம்ப்யூட்டருக்கும் தெரியாது. 'தொடரும்'னு எழுதுனதும் சும்மா. எல்லா மாசமும் அப்படித்தான் எழுதுவோம். நான் புரியற மாதிரி எழுதியிருந்தா இந்த மூட்டை வந்திருக்காது. புதன்கிழமையே சொல்லியிருக்கணும். பயந்துட்டேன்."

தவிட்டுப் புடவை அம்மாள்கூட உள்ளே வந்துவிட்டார். அக்கா மூட்டையைப் பார்த்தார், சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார், கத்தரியை எடுத்து மேசை டிராயருக்குள் வைத்தார். எனக்குக் கத்தரியின் மேலிருந்த பயம் குறைந்து அக்காவின் மேல் கூடியது.

அப்புறம் சிக்பேட்டைக்காரருக்குப் போன் போட்டுக் கன்னடத்தில் ஆரம்பித்தார். எனக்குக் கன்னடம் அரைகுறை. 'வாபஸ்' என்பது நான்கு தடவை வந்தது. 'என்கேஜ்மெண்ட்' இரண்டு தடவை. அந்தப் பக்கத்திலிருந்து ஒரு பெரிய சிரிப்புச் சத்தம் கேட்டது. அக்கா முகம் மாறவில்லை. பேச்சு முடியவே இல்லை. நடுவில் போனைக் கையால் மூடிக்கொண்டு, "நீ கெளம்பு" என்றார்.

நான் கிளம்பினேன். வேறென்ன செய்ய முடியும். கடை போய்விட்டது என்று முடிவு செய்துவிட்டேன். பஸ்ஸில் உட்கார்ந்து, அம்மா சொல்லப்போவதையெல்லாம் முன்கூட்டியே சொல்லிப் பார்த்துக்கொண்டேன். ஆனால் ஒரு விஷயம் சொல்லவேண்டும். மனசு லேசாக இருந்தது. பன்னிரண்டு பக்க ரிப்போர்ட்டை அனுப்பிய எந்த நாளிலும் அப்படி இருந்ததில்லை.

அறையைத் திறந்து, விசிறியைப் போட்டு, தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. அக்கா.

"பதினாலு தானு திருப்பி எடுத்துக்கறேன்னாரு. நாலு நானே வெச்சிக்கிட்டேன். ஆவணில நாலு போவும், அது எனக்குத் தெரியும், அதுக்குக் கம்ப்யூட்டரு வேணாம். அந்த மனுஷன் இன்னும் சிரிச்சினு இருக்காரு. சிக்பேட்டை பூராச் சொல்லுவாரு. அந்தப் பேஜாரு உன்னால."

"மன்னிச்சிடுங்கக்கா."

"அத விடு. இனிமே பேப்பரு எதுவும் அனுப்பாத. மாசம் பொறந்தா ஒரு நாள் வந்து இன்னைக்கு மாதிரி நின்னு படி. அந்த லைனிங் அம்மா கேட்டுச்சு, அடுத்தது எப்பன்னு. ராகு காலத்துல வராத."

போனைக் காதில் வைத்தபடியே தாளின் ஓரத்தில் அடுத்த மாத ஒன்றாம் தேதியை எழுதிக்கொண்டேன். அந்தப் பக்கம் துணி ஒன்று சர்ரென்று கிழிந்தது.

"ஏம்மா, பேச்சையே காணோம். வீட்டுக்கு ரீச் ஆயிட்டியா?"

"ரீச் ஆயிட்டேன்கா."

"எத்தினி பேரு?"

"ஒருத்திதான்கா."

"ஆங். அப்படி எழுது," என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தார்.